ஃபேட்டி லிவர் வந்த வீட்டில் தனிச்சமையல் வேண்டாம்: ஒரே குழம்பில் எண்ணெயும் சர்க்கரையும் குறைக்கும் வழி

ஸ்கேன் அறிக்கையில் ஃபேட்டி லிவர் என்று வந்ததும் பெரும்பாலான வீடுகளுக்குக் கிடைக்கும் அறிவுரை ஒரே வரிதான்: எண்ணெய், இனிப்பைக் குறைங்க, எடையைக் குறைங்க. எவ்வளவு குறைப்பது, எந்தப் பாத்திரத்தில் குறைப்பது, குறைத்த பிறகு குழம்பு ஏன் ருசிக்கவில்லை என்பதெல்லாம் அடுப்படியில் நிற்பவர் தானே கண்டுபிடிக்க வேண்டியதாகிவிடுகிறது. என் கணவருக்கு வந்தபோது எங்கள் வீட்டிலும் அதே கதைதான். பயத்தில் ஆலிவ் எண்ணெய், ஓட்ஸ், பெயர் தெரியாத லிவர் டானிக் என்று பணம் போனது. அதைவிட வலித்தது சாப்பாட்டு நேரம். எல்லோரும் குழம்பு ஊற்றிச் சாப்பிட, ஒருவர் மட்டும் வேகவைத்த காய்கறியைக் கிளறிக்கொண்டிருப்பதைப் பார்க்க மனசு கேட்காது. அப்படிப்பட்ட பத்தியச் சாப்பாட்டை யாராலும் நெடுநாள் தொடரவும் முடியாது. இதற்குத் தனிச்சமையல் தேவையே இல்லை என்பதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நிறைய மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படை ஒன்றுதான். பாத்திரத்தில் குறைவாக ஊற்ற வேண்டும். தேவைப்படுபவருக்குத் தட்டில் சேர்க்க வேண்டும். குழம்பும் பொரியலும் எல்லோருக்கும் பொது, எல்லாமே குறைந்த எண்ணெயில் செய்தவை. வளரும் பிள்ளைக்குச் சோற்றில் ஒரு கரண்டி நெய் விடலாம், ஒல்லியான பாட்டிக்கு இட்லிப் பொடியில் நல்லெண்ணெய் குழைத்துக் கொடுக்கலாம். சட்டியில் ஊற்றிய எண்ணெயை ஒருவருக்கு மட்டும் பிரித்தெடுக்க முடியாது.

முதலில் செய்ய வேண்டியது மளிகைக் கணக்கு. நான்கு பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாதம் 3 லிட்டர் கடலை அல்லது சூரியகாந்தி எண்ணெய், 1 லிட்டர் நல்லெண்ணெய் வாங்குகிறார்கள். 4,000 மில்லியை நான்கு பேருக்கும் 30 நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மில்லி, அதாவது ஆறேழு தேக்கரண்டி. நெய், தேங்காய், கடை வடை இதில் சேரவில்லை. இதை 2 லிட்டருக்கும் கீழே கொண்டுவந்தால் ஆளுக்கு 15 மில்லி, மூன்று தேக்கரண்டி. ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி என்பதால் இந்த ஒரு மாற்றத்திலேயே நாளைக்கு ஏறக்குறைய 150 கலோரி குறைகிறது. இதை நடத்த எளிய வழி, காலையிலேயே 12 தேக்கரண்டி, அதாவது 60 மில்லி எண்ணெயை ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடுவது. அன்றைக்கு நான்கு பேருக்கும் அதுதான். எண்ணெய்த் தூக்கோ பாட்டிலோ மேடையில் இருக்கக்கூடாது. கை பழக்கத்தில் சாய்க்கும்போது எவ்வளவு விழுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தேக்கரண்டி என்று நான் சொல்வது 5 மில்லி அளவு. மருந்து பாட்டிலுடன் வரும் அளவு மூடியில் ஒருமுறை தண்ணீர் ஊற்றி உங்கள் வீட்டுக் கரண்டியைச் சோதித்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் கரண்டி பல நேரம் இரண்டு மடங்கு பிடிக்கும்.

எண்ணெயைக் குறைத்ததும் முதலில் கெடுவது தாளிப்புதான். அகலமான வாணலியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் அது பரவிப் படலமாகிவிடும். கடுகு அதில் மூழ்காமல் சூடான இரும்பின் மேல் நேரடியாகக் கிடக்கும், சில வெடிக்கும், சில கருகும், குழம்பு கசக்கும். இதற்குத் தீர்வு குழிவான சின்னத் தாளிப்புக் கரண்டி. அதே ஒரு தேக்கரண்டி அதன் அடியில் குளமாக நிற்கும், அரை தேக்கரண்டி கடுகு ஒரே சீராகப் பொரியும். நான்கு பேர் சாம்பாருக்கு அது போதும். வெந்தயம் குறைந்த எண்ணெயில் சட்டென்று கருகும் என்பதால் அதை வெறும் சட்டியில் முன்னரே வறுத்துப் பொடித்து வைத்துக்கொண்டு, இறக்கும்போது ஒரு சிட்டிகை தூவுவது நல்லது. கறிவேப்பிலையை அடுப்பை அணைத்த பிறகு போட்டால் வாசனை எண்ணெயிலேயே தங்கும்.

அடுத்தது வெங்காயம் தக்காளி வதக்குவது. எண்ணெய் பிரிந்து வரும் வரை வதக்கு என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஊற்றியதே இரண்டு தேக்கரண்டி என்றால் பிரிந்து வர எதுவும் இருக்காது. அதற்காகக் காத்திருந்தால் அடிப்பிடிக்கும். பக்குவத்தை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். வெங்காயத்தைப் போட்டதும் உப்பையும் சேர்த்துச் சிறுதீயில் மூடிவிடுங்கள். உப்பு வெங்காயத்தின் தண்ணீரை வெளியே இழுக்கும், அந்தத் தண்ணீரிலேயே அது சுருளும். ஐந்தாறு நிமிடம் கழித்து மூடியைத் திறந்து தீயைக் கூட்டினால் அடியில் பொன்னிறமாகப் பிடிக்கத் தொடங்கும். அப்போது இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டிக் கிளறுங்கள். பிடித்த அந்தப் பழுப்புதான் ருசி. அது வெங்காயத்தில் ஏறும். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் நிறையக் கொட்டி வதக்கிய நிறத்துக்கு வெகு அருகில் வந்துவிடும். தக்காளி சேர்த்த பிறகு தோல் சுருண்டு பிரிந்து, கலவை சட்டி ஓரத்தை விட்டு விலகி ஒரே திரளாக நகர்ந்தால் பச்சை வாசனை போய்விட்டது என்று பொருள். மிளகாய்த்தூள், மல்லித்தூளை நேராகக் கொட்டாதீர்கள். எண்ணெய் இல்லாத சட்டியில் அவை நொடியில் கருகும். கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றி மூன்று நான்கு நிமிடம் கொதிக்கவிட்டால் தூளின் பச்சை வாடை போய்விடும்.

சாம்பார், ரசம், கூட்டு மூன்றும் இயல்பிலேயே எண்ணெய் குறைந்தவை. சிக்கல் வத்தக்குழம்பு, எண்ணெய்க் கத்திரிக்காய் வகைகளில்தான் வரும். வத்தக்குழம்பில் நல்லெண்ணெய் வெறும் வாசனைக்கு மட்டும் இல்லை, புளியின் கூர்மையை நாக்கில் படாமல் மழுப்புகிறது. எண்ணெயை மட்டும் குறைத்து மற்றதெல்லாம் பழையபடி விட்டால் புளிப்பும் காரமும் தனியாக நின்று தொண்டையைப் பிடிக்கும். அதனால் எலுமிச்சை அளவுப் புளியைப் பெரிய நெல்லிக்காய் அளவாக்கி, சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் கூட்ட வேண்டும். நான்கு பேருக்கு 20 சின்ன வெங்காயம், 10 பல் பூண்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, வெங்காயம் பூண்டை உப்புப் போட்டு மூடி வதக்கி, அதில் ஐந்தாறு வெங்காயத்தை எடுத்து ஒரு தக்காளியோடு அரைத்துத் திரும்ப ஊற்றுங்கள். கெட்டித்தன்மையும் இனிப்பும் அதிலிருந்து வரும். வெல்லம் தேவைப்படாது. கரைத்த குழம்புத்தூளை ஊற்றிப் பச்சை வாடை போனதும் புளிக்கரைசல் சேர்த்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கட்டும். அடுப்பை அணைத்த பிறகு மூன்றாவது தேக்கரண்டி நல்லெண்ணெயைப் பச்சையாக மேலே விட்டு மூடிவிடுங்கள். கொதியில் போன எண்ணெயைவிட மேலே விட்ட எண்ணெய்தான் மூக்குக்கு முதலில் எட்டும். ஒரு எச்சரிக்கை: பழைய வத்தக்குழம்பு இரண்டு மூன்று நாள் வெளியே தாங்கியதில் அதன் மேல் நின்ற எண்ணெய்க்குப் பங்கு உண்டு. இது தாங்காது. ஆறியதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

கத்திரிக்காய் பஞ்சு மாதிரி. உள்ளே காற்றறைகள் இருப்பதால் எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிடும். அதை முதலில் இட்லித் தட்டில் ஐந்தாறு நிமிடம் ஆவியில் வைத்தால் அந்த அறைகள் அமுங்கிவிடும். பிறகு இரண்டு தேக்கரண்டியில் பிரட்டினாலே பளபளப்பு வரும். வாழைக்காய், சேனைக்கிழங்கு வறுவலுக்கும் இதே முறைதான். மஞ்சள், உப்புப் போட்டு முக்கால் பதம் வேகவைத்து, வடித்து, ஈரம் போக விரித்து வைத்து, மசாலா பிரட்டி, தோசைக்கல்லில் இடம்விட்டு அடுக்குங்கள். நான்கு பேருக்கு இரண்டு தேக்கரண்டி போதும். ஈரத்தோடு போட்டால் வறுபடாமல் வேகும். ஒன்றன்மேல் ஒன்று குவித்தாலும் அப்படித்தான். வறுவல் மொறுமொறுப்பாக வரவில்லை என்று எண்ணெயைக் கூட்டுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஈரத்தைத்தான். மீனையும் இதே கல்லில் வாழையிலை விரித்து மேலே வைத்து வாட்டலாம். இலை ஒட்டாமல் காக்கும். கோழியில் தோலை எடுத்துவிட்டால் குழம்புக்கு ஒன்றரைத் தேக்கரண்டி தாராளம்.

இத்தனையும் செய்துவிட்டுத் தேங்காயை மறப்பவர்கள் அதிகம். ஒரு நடுத்தரத் தேங்காயின் பருப்பு கால் கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும், அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. காலைச் சட்னிக்கும் மதியப் பொரியலுக்குமாக அரை மூடி அல்ல, அரைத் தேங்காய் போனால் நான்கு பேருக்கு ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் கொழுப்பு. கிண்ணத்தில் அளந்து வைத்த எண்ணெய்க்குக் கிட்டத்தட்ட சமமாக இன்னொரு பங்கு பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது. தேங்காயை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தினால் அது நம் சமையலாக இருக்காது. பொரியலுக்கு இரண்டு மேசைக்கரண்டி துருவல், அதுவும் இறக்கும்போது மேலே தூவினால் நாலு கவளத்துக்கு ஒருமுறை வாயில் படும். குருமாவுக்குத் தேங்காயைப் பாதியாக்கி ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலையும் ஒரு துண்டு வெந்த உருளைக்கிழங்கும் சேர்த்து அரைத்தால் கெட்டியாக வரும். பொட்டுக்கடலை கூடினால் மாவு வாசனை அடிக்கும், குருமா ஆறினதும் இறுகிவிடும். சட்னியில் புதினா, மல்லி, தக்காளி, பீர்க்கங்காய்த் தோல் என்று சுழற்றி, தேங்காய்ச் சட்னியை வாரம் இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாம்.

தோசை பற்றி ஒரு வார்த்தை. இரும்புக் கல் பழகியிருந்தால் ஒரு தோசைக்குக் கால் தேக்கரண்டி போதும். பாதி வெங்காயத்தைக் குத்தி அதில் எண்ணெய் தொட்டுத் தேய்ப்பது நம் பாட்டிமார் வழிதான். ஒட்டுகிறது என்றால் எண்ணெய்க் குறைவு காரணம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் கல்லின் சூடு கூடியிருக்கும். மாவு ஊற்றும் முன் தண்ணீர் தெளித்துத் துடைத்துச் சூட்டைத் தணித்து, ஊற்றிய பிறகு தீயைக் கூட்டி மூடிவைத்தால் மேல்பக்கம் ஆவியில் வெந்து தானாக எழும்பும். அப்பளத்தை நேரடித் தணலில் சுடலாம்.

இப்போது இனிப்பு. கல்லீரல் விஷயத்தில் இது எண்ணெயைவிடச் சின்னக் கணக்கு இல்லை. சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரை. அதைக் கையாளும் வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது. தேவைக்கு மேல் வருவதைக் கொழுப்பாக மாற்றி அது அங்கேயே சேர்த்துவைக்கும். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் இந்த விஷயத்தில் சர்க்கரையின் உறவுக்காரர்கள்தான். கருப்பட்டிக் காபி என்று இரண்டு மடங்கு போட்டுக் குடிப்பது உடம்புக்கு எந்தச் சலுகையும் தராது. ஒரு காபிக்கு இரண்டு தேக்கரண்டி, நாளைக்கு மூன்று வேளை என்றால் 30 கிராம். உலகச் சுகாதார அமைப்பு பெரியவர்களுக்கு நல்லது என்று சொல்லும் அளவு, எல்லா இனிப்பும் சேர்த்து நாளுக்கு 25 கிராமுக்குள். ஆக பிஸ்கட்டைத் தொடும் முன்பே கணக்கு தாண்டிவிட்டது. ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலியும் எரிச்சலும் வந்து மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகும். டிகாக்ஷன் திக்காக இருந்தால் சர்க்கரைக் குறைவு தெரியாது. டீயில் இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப்போட்டால் அப்படியே. சத்துமாவு பானம் என்று டப்பாவில் வருவதன் பின்பக்கத்தைப் படியுங்கள், பல நேரம் சர்க்கரை முதல் சில பெயர்களுக்குள் இருக்கும். பழத்தைக் கடித்துச் சாப்பிடலாம். ஒரு கொய்யா அல்லது ஒரு கிண்ணம் பப்பாளி நல்லது. வடிகட்டிய ஜூஸ் மட்டும் வேண்டாம். மூன்று நான்கு பழத்தின் சர்க்கரை நார் இல்லாமல் ஒரே மூச்சில் உள்ளே போய்விடும்.

சோற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எண்ணெய் குறைந்த காய் சப்பென்று இருந்தால் மனிதர் காயை ஒதுக்கி, ஊறுகாயைத் தொட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்வார். எண்ணெயில் மிச்சம் பிடித்தது சோற்றில் திரும்பிவிடும். அதனால்தான் மேலே பக்குவத்தைப் பற்றி இவ்வளவு நீட்டினேன். மதியத்துக்கு ஆளுக்கு 60 முதல் 75 கிராம் அரிசி போதும். அதை வடித்தால் ஏறத்தாழ 200 கிராம் சோறு. தட்டில் முதலில் பொரியலும் கூட்டும் வைத்துப் பாதித் தட்டை நிரப்பிவிட்டுக் கடைசியில் சோறு போடுங்கள். சோற்றை முதலில் கொட்டிவிட்டால் காய்க்கு ஓரம்தான் மிஞ்சும்.

அந்த நான்கு பேர் வீட்டின் ஒரு நாள் இப்படி அமையும். காலையில் இட்லி, புதினாச் சட்னி, பொடி: சட்னி வதக்கித் தாளிக்க ஒரு தேக்கரண்டி, பொடி தொடுபவர் இருவருக்குச் சேர்த்து ஒன்று. மதியம் முருங்கைக்காய்ச் சாம்பார் தாளிப்புக்கு ஒன்று, பீன்ஸ் பொரியலுக்கு ஒன்று, வாழைக்காய் வறுவலுக்கு இரண்டு, ரசத்துக்கு அரை, அத்தோடு மோர். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் பாசிப்பயறு சுண்டல், அதற்கு அரை. இரவு ஆளுக்கு மூன்று தோசை என்று பன்னிரண்டு தோசைக்கு மூன்று, தக்காளிச் சட்னிக்கு ஒன்றரை. கூட்டிப் பாருங்கள், பதினொன்றரைத் தேக்கரண்டி. கிண்ணத்தில் இன்னும் அரை மிச்சம். இந்த நாளில் தியாகம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஃபேட்டி லிவர் உள்ளவருக்கு மட்டும் இரண்டே வித்தியாசம்: இரவில் மூன்று தோசைக்குப் பதில் இரண்டும் ஒரு கிண்ணம் சாம்பாரும், காபியில் சர்க்கரை இல்லை. பூரி, வடை, பஜ்ஜி அந்தக் கிண்ணத்தில் அடங்காது. தீபாவளி, பொங்கலுக்குச் செய்யும்போது அது பண்டிகை என்று தெரிந்தே செய்யுங்கள். பாயசம் அரை டம்ளர் குடிக்கட்டும். பொரித்த எண்ணெயை எடுத்துவைத்து மறுநாள் குழம்புக்கு ஊற்றும் வழக்கம் மட்டும் வேண்டாம். அந்த எண்ணெய் கணக்கில் வராமலேயே உள்ளே போகும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆலிவ் எண்ணெய்க்கும் கிராமுக்கு 9 கலோரிதான். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் அளந்து ஊற்றினால் போதும். ஏர் ஃபிரையர் இருந்தால் பயன்படுத்துங்கள், இதற்கென்று வாங்க வேண்டாம். மேலே சொன்ன எதற்கும் அது தேவைப்படவில்லை. கல்லீரல் டானிக், மூலிகைச் சூரணம் எதையும் மருத்துவரிடம் காட்டாமல் எடுக்காதீர்கள். மூலிகை மருந்துகளாலேயே கல்லீரல் பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் பணம் செலவழிக்க வேண்டியது ஒரு எடை பார்க்கும் கருவிக்கும், ஒரு நல்ல இரும்புத் தோசைக்கல்லுக்கும்.

வேகமாக இளைக்க வேண்டும் என்று ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு நிறுத்துவது, பட்டினி கிடப்பது ஆபத்து. மளமளவென்று எடை இறங்கினால் கல்லீரல் நிலைமை மோசமாகலாம், பித்தப்பையில் கல்லும் வரலாம். வாரத்துக்கு அரைக் கிலோ என்பது நல்ல வேகம். உடல் எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் கல்லீரல் கொழுப்போடு வீக்கமும் குறைய நல்ல வாய்ப்பு; 80 கிலோ உள்ளவருக்கு அது ஐந்தரை முதல் எட்டுக் கிலோ. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் அளவைப் பேசிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். ஒல்லியானவருக்கு ஃபேட்டி லிவர் வந்திருந்தால் எடைக் கணக்கு வேறு. அவருக்கு இனிப்பும் மாவுச்சத்தும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. மது குடிப்பவர் அதை விடாமல் எண்ணெயை மட்டும் அளந்து பயன் இல்லை. கால் வீக்கம், வயிறு உப்பிப்போதல், கண் மஞ்சளாவது ஆகியவை இருந்தால் இந்தச் சமையல் முறை அவருக்கானது இல்லை. அங்கே உப்பும் புரதமும் வேறு கணக்கில் போகும், உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மறுபரிசோதனைக்கு அவசரப்பட வேண்டாம். சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் சின்ன முன்னேற்றம் தெரியாது. கிரேடு 2 அப்படியே இருக்கிறதே என்று மாதக்கணக்கில் செய்த சமையலை விட்டுவிடுபவர்கள் உண்டு. மூன்று மாதம் கழித்து ரத்தத்தில் கல்லீரல் நிலையைக் காட்டும் SGPT, SGOT, ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு, மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் HbA1c, கூடவே இடுப்புச் சுற்றளவு, எடை இவற்றை முதல் அறிக்கையோடு வைத்துப் பாருங்கள். ஸ்கேனுக்கு முன்னால் பெரும்பாலும் இவைதான் நகரும். எதுவும் நகரவில்லை என்றால் சமையலைக் குறைசொல்லும் முன் வெளியே சாப்பிடும் டீக்கடை வடை, அலுவலக மாலைச் சிற்றுண்டி, சாப்பிட்ட பிறகு வாயில் போடும் கடலைமிட்டாய் இவற்றை ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். வீட்டில் அளந்து சேமித்த மூன்று தேக்கரண்டியும் ஒரே தட்டு பஜ்ஜியில் திரும்பிவிடும்.